மாலைப் பயிற்சிக்குப் பின் என்ன சாப்பாடு? சைவக் கால்பந்து வீராங்கனை ஒருத்தியின் நேர்வு

வடசென்னை, பத்தாம் வகுப்பு, பதினைந்து வயது, 48 கிலோ. நடுக்களத்தில் ஆடுகிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணிக்குப் பயிற்சி தொடங்கி 6.45-க்கு முடிகிறது. வீட்டில் நான்கு பேர். முட்டைகூடச் சேராத சைவக் குடும்பம். பால், தயிர் உண்டு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல் வேலைக்குப் போகிறார். இந்த விவரம் எந்த ஒரு வீட்டையும் அப்படியே எடுத்து எழுதியது அல்ல. இப்படிப்பட்ட வீடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவதை ஒரே வீட்டில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

புகார் எளிமையானது. செவ்வாய்க்கிழமைக்குள் கால் கனக்கிறது, வியாழக்கிழமை ஓட்டத்தில் பின்தங்குகிறாள், காலையில் எழுப்பினால் எழுவதில்லை. புரதப் பொடி வாங்கிக் கொடுங்கள் என்று மைதானத்தில் யாரோ சொல்ல, ஒரு டப்பாவின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

பொடியைப் பற்றிப் பேசும் முன், அவள் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். காலையில் நான்கு இட்லி, சட்னி. பகல் 12.45-க்குப் பள்ளிச் சத்துணவு. முட்டை சாப்பிடாத பிள்ளை என்பதால் முட்டைக்குப் பதில் வாழைப்பழம். 4.20-க்கு வீடு, அவசரமாக ஒரு பிஸ்கட், ஓட்டம். பயிற்சி நேரத்தில் 400 மில்லி தண்ணீர். முடிந்ததும் மைதானத்தின் வாசல் கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு கூல்ட்ரிங்க்ஸும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும். 7.20-க்கு வீட்டுக்கு வந்ததும் டீ. பிறகு குளியல், வீட்டுப்பாடம். 9.15-க்குச் சோறும் சாம்பாரும். அதற்குள் கண் சொக்கிவிடுவதால் தட்டில் பாதி மிஞ்சும்.

இதில் புரதம் எவ்வளவு? காலையில் 8 கிராம், பகலில் 13 கிராம் அளவில், டீயில் 2, இரவில் 10. மொத்தம் 33 கிராம். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 58 கிராம் வர வேண்டும். குறையும் 25 கிராமும் மாலை 6.45-க்கும் தூங்கும் நேரத்துக்கும் இடையில்தான் காணாமல் போகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் மாவுச்சத்தும் போதவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியதில் 500 கலோரிக்குக் குறையாமல் செலவாகியிருக்கும். வந்ததோ சர்க்கரைத் தண்ணீரும் பாதித் தட்டுச் சோறும்.

சோர்வுக்கு முதல் காரணம் மாவுச்சத்துப் பற்றாக்குறை. புரதம் அடுத்ததுதான். தசைக்குள் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை எரித்துத்தான் கால்பந்துக்காரர்கள் திரும்பத் திரும்ப வேகமெடுக்கிறார்கள். அது முழுக்க நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் போதிய சோறு உள்ளே போனால். திங்களன்று கொஞ்சம் குறைந்து, செவ்வாயன்று இன்னும் கொஞ்சம் குறைந்து, வியாழனில் காலியாவதுதான் அந்தக் கால் கனம். பொடி இதைச் சரிசெய்யாது. அதில் இருப்பது பெரும்பாலும் புரதம். அவளுக்கு முதலில் வேண்டியது சோறு.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீண் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு நாளில் ஒரே ஒரு முறை பயிற்சி செய்பவருக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. அடுத்த பயிற்சி மறுநாள் மாலையில்தான் என்றால் நிரம்புவதற்கு நேரம் இருக்கிறது. ஆனாலும் இந்த வீட்டில் சீக்கிரம் சாப்பிடுவது முக்கியம், காரணம் வேறு: 9 மணிக்கு மேல் இந்தப் பெண்ணுக்குப் பசியைவிடத் தூக்கம் பெரிது. பசி இருக்கும்போதே தட்டு முன்னால் வர வேண்டும்.

மைதானத்திலேயே முடிக்க வேண்டியது

4.20-க்கு வீட்டுக்கு வருகிறாள் என்பது வசதி. அப்போதே பையில் மூன்றைப் போட்டுவிடலாம்: ஒரு வாழைப்பழம், இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு சிறு நெல்லிக்காய் அளவு வெல்லம். பொட்டுக்கடலை 30 கிராம், வெல்லம் 15 கிராம் என்று ஒரு முறை எடைபோட்டுப் பார்த்துக்கொண்டால் பிறகு கை அளவே போதும். மூன்றும் சேர்ந்து 55 கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் 7 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதமும் தரும். 48 கிலோ உடலுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் இது தாராளம். வேர்க்கடலை மிட்டாயும் நல்லதுதான். அதில் கொழுப்பு கூடுதல் என்பதால் வயிறு சீக்கிரம் நிறைந்து இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிடும். அதைப் பயிற்சி இல்லாத நாளின் நொறுக்குத் தீனியாக வைத்துக்கொள்ளலாம்.

பொட்டுக்கடலையில் ஒரு சிக்கல், வாய் உலர்ந்திருக்கும்போது அது இறங்காது. முதலில் குடித்துவிட்டுத்தான் மெல்ல வேண்டும். அல்லது வீட்டிலேயே பொட்டுக்கடலையையும் வெல்லத்தையும் மிக்சியில் பொடித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு உருண்டை பிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிடித்தால் வெள்ளி வரை கெடாது. ஈரக் கை படாமல் இருந்தால் போதும்.

குடிப்பது எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். வியர்வையில் நனைந்த பனியனோடு நின்றால் கணக்குத் தப்பும் என்பதால், இரண்டு முறையும் உலர்ந்த உடை, காலில் பூட்ஸ் இல்லாமல், அதே எடை மெஷின். இவளுக்கு முன்னால் 48.2, பின்னால் 47.4 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 400 மில்லி குடித்திருக்கிறாள். ஆக வியர்த்தது 1.2 லிட்டர், உடலில் இன்னும் பாக்கி 0.8. குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால், பாக்கியைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதாவது ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர் வரை தூங்கும் முன் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அல்ல. சென்னையில் மே மாதக் கணக்கு வேறு, டிசம்பர் கணக்கு வேறு. பருவத்துக்கு ஒரு முறை எடைபோட்டால் போதும்.

இதில் முதல் அரை லிட்டர் எலுமிச்சைத் தண்ணீராக இருக்கட்டும்: அரை லிட்டருக்கு அரை மூடி எலுமிச்சை, கால் டீஸ்பூன் உப்பு, மூன்று டீஸ்பூன் சர்க்கரை. உப்பில்லாத வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் கணிசமான பகுதி வெளியே போய்விடும், தாகமும் சீக்கிரமே அடங்கிப்போய் இன்னும் குடிக்கத் தோன்றாது. மோர் இன்னும் நல்லது, ஆனால் நாலரை மணிக்கு அடைத்த மோர் வெயிலில் இருந்து ஏழு மணிக்குள் புளித்துவிடும், மூடியைத் திறந்தால் பொங்கும். மோர் வீட்டில், எலுமிச்சை மைதானத்தில்.

சாம்பாரில் இருக்கும் பருப்பு

"தினமும் சாம்பார்தானே வைக்கிறேன், பருப்பு போதாதா?" என்பது எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி. பதில் குழம்பின் கெட்டியில் இல்லை, பாத்திரத்தில் போட்ட பருப்பின் எடையில் இருக்கிறது. நான்கு பேருக்கு 60 கிராம் துவரம்பருப்பைப் போட்டுத் தக்காளியும் புளியும் கரைத்துவிட்டால் ஆளுக்கு 15 கிராம் பருப்பு. 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம் என்ற கணக்கில் ஆளுக்கு வருவது 3 கிராமுக்குச் சற்று மேல். ரச நாளில் அதுவும் இல்லை.

மாற்ற வேண்டியது ஒரே ஓர் அளவு. 200 மில்லி டம்ளரில் தலை தட்டி ஒரு டம்ளர் பருப்பு ஏறக்குறைய 170 கிராம் வரும். நான்கு பேருக்கு இரவுச் சமையலில் ஒரு டம்ளர் பருப்பு என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 40 கிராமுக்குச் சற்று மேல், 9 கிராம் புரதம். இதை அவளுக்கு மட்டும் தனியாகச் செய்யக் கூடாது. தனிப் பாத்திரம் என்றால் மூன்றாம் நாளே அம்மாவுக்குச் சலிப்பு வரும், தம்பிக்கு முகம் சுளிக்கும். எல்லோருக்கும் ஒரே பானை, அவளுக்கு மட்டும் இன்னொரு கரண்டி.

ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோ பருப்புதான் கிடைக்கும், அரிசி இலவசம். இந்த அளவில் அந்த ஒரு கிலோ ஆறு நாளுக்குள் தீர்ந்துவிடும். மீதி நாளுக்குப் பாசிப்பருப்பு, கருப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மீல்மேக்கர் என்று சுற்ற வேண்டும்.

பயிற்சி நாளுக்குச் சிறந்தது வெண்பொங்கல். காலைச் சிற்றுண்டியாகவே பார்த்துப் பழகியதால் இரவுக்கு யாருக்கும் தோன்றுவதில்லை. ஆளுக்கு அரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 40 கிராம். நான்கு பேருக்கு அரிசி 400 கிராம், பருப்பு 160 கிராம், அதாவது டம்ளரில் இரண்டேகால் பங்கு அரிசியும் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பருப்பும். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, அரிசியோடு கழுவி, மொத்த அளவுக்கு நான்கு பங்கு தண்ணீர், உப்பு சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை இரண்டு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் போதும். நெய்யும் முந்திரியும் கோயிலுக்கு விட்டுவிடலாம். அளவு மீறி நெய் விட்டால் வயிறு கனத்து, பாதித் தட்டிலேயே போதும் என்பாள்.

பெரியவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள். அளவு அவளை மனத்தில் வைத்துச் சொன்னது. அவளுடைய பங்கில் சுமார் 100 கிராம் மாவுச்சத்தும் 17 கிராம் புரதமும் இருக்கும். கூட 150 மில்லி தயிரை நீர் ஊற்றி உப்புப் போட்டு மோராக்கிக் கொடுத்தால் இன்னும் நாலரை கிராம் புரதமும் குடிக்க வேண்டிய அளவில் ஒரு பங்கும் சேரும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது அதிகம். பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. பொங்கலிலும் இட்லியிலும் அரிசியும் பருப்பும் இப்படி ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் இட்லியில் அரிசி பெரும் பங்கு, உளுந்து சிறு பங்கு என்பதால் நான்கு இட்லியில் வருவது 8 கிராம்தான். இட்லி நாளில் பருப்புத் துவையலோ கெட்டிச் சாம்பாரோ இல்லாவிட்டால் கணக்கு நிற்காது.

அடை இதற்கு நேர்மாறு. அரிசிக்குச் சமமாகப் பருப்பு போடும் அடைதான் இந்தக் குடும்பத்தின் மலிவான புரதம். அரைக்க ஊறவைக்கும் வேலை காலையிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதால் வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் நடக்காது. மீல்மேக்கர் நாளில் ஆளுக்கு 15 கிராம் உலர்ந்த துண்டு போதும், 100 கிராமில் பாதிக்கு மேல் புரதம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்தால்தான் அந்தப் பச்சை வாடை போகும். பிழியாமல் குழம்பில் போட்டவர்கள்தான் "எங்க வீட்ல யாருக்கும் பிடிக்காது" என்கிறார்கள்.

தூங்கும் முன் 200 மில்லி பால். 6 கிராமுக்கு மேல் புரதம். சைவத்தில் பி12 பாலிலும் தயிரிலும் மட்டும்தான் இயல்பாகக் கிடைக்கும் என்பதால் பாலைக் கடைசியாகத்தான் வெட்ட வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவள் என்றால் அதையே தயிராக்கிச் சாப்பாட்டோடு கொடுத்துவிடலாம்.

கூட்டிப் பார்த்தால் மைதானத்தில் 7, பொங்கலும் மோரும் 21, பால் 6. மாலைக்கு மேல் 10 கிராமாக இருந்தது 34 கிராமாகிறது, நாள் கணக்கு 57-ஐத் தொடுகிறது. அவள் பங்குக்கு மட்டும் செலவு: வாழைப்பழம் 6 ரூபாய், பொட்டுக்கடலை 4, வெல்லம் 1, எலுமிச்சை 2, கூடுதல் பருப்பு 3, தயிர் 7, பால் 9. மொத்தம் 32 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் அதிகம் விலகாது. வாசல் கடையின் இருபது ரூபாயை இதில் கழித்தால் புதிதாகத் தேவைப்படுவது பன்னிரண்டு. பணம் இன்னும் இறுக்கமான வாரத்தில் முதலில் வாழைப்பழத்தை விட்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ ஒரு கிண்ணம் அவலோ வைக்கலாம்.

எங்கே தடுக்கும்

முதல் வாரத்திலேயே வயிறு உப்பும். பருப்பை 15 கிராமிலிருந்து ஒரே நாளில் 40-க்கும், கொண்டைக்கடலையை அதற்கு மேலும் ஏற்றுவதால் வருவது அது. பாதி அளவில் தொடங்கி பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, விரலால் நசுக்கினால் குழையும் வரை வேகவைக்க வேண்டும். பல்லுக்குக் கடக்கென்று இருக்கும் சுண்டல் இரவுக்கு ஆகாது. வயிற்றுத் தொந்தரவு வந்த அன்று "பயறே ஒத்துக்கலை" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பாசிப்பருப்புக்கு அந்தத் தொந்தரவு மிகக் குறைவு, அதை மட்டும் தொடர்ந்தால் போதும்.

அடுத்தது 7.20-க்குக் குடிக்கும் டீ. அது பசியை மழுக்குவதோடு, அதிலுள்ள டானின் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். டீயை 4.20-க்கு மாற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அதே இரும்புச்சத்துக்கு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி உதவும். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது பெரிய செலவல்ல.

மூன்றாவது, எட்டு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பது. அம்மா ஏழரைக்குத்தான் வேலையிலிருந்து வருகிறார் என்றால் எந்தத் திட்டமும் நடக்காது. காலையிலேயே அரிசியும் பருப்பும் அளந்து குக்கர் பக்கத்தில் வைத்துவிட்டால், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கழுவி ஏற்றலாம். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இறக்கிவிடலாம். பொங்கலைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பொரியல், குழம்பு, சோறு என்று மூன்று அடுப்பு வேலை அதில் இல்லை.

பலன் தெரிய வேண்டிய இடங்கள் இரண்டு. வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்ததும் எடை. அது மாதக் கணக்கில் இறங்கினால் சாப்பாடு இன்னும் போதவில்லை, புரதத்தை அல்ல, சோற்றைக் கூட்ட வேண்டும். இன்னொன்று வியாழக்கிழமை ஓட்டம்: திங்கட்கிழமை ஓட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பயிற்சியாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் வர வேண்டும். காலைச் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நேற்று இரவு குடித்தது குறைவு.

ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்று வாரத்தில் கால் கனம் குறையவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் அது சமையலறையில் தீராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழ் போனால் இரத்தசோகை. சைவம், மாதவிடாய், தினசரி ஓட்டம் மூன்றும் சேரும்போது இது அரிதல்ல. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் துப்பிவிடுவார்கள், சாப்பிட்டபின் போடச் சொன்னால் பெரும்பாலும் தங்கும். ஆனால் இரத்தசோகை இருப்பது தெரிந்துவிட்டால் அந்த வாராந்திர அளவு போதாது, மருத்துவர் தரும் அளவுதான். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஓடும் பெண்களுக்கு அது நின்றுபோவது பல நேரம் போதிய சாப்பாடு இல்லாததன் அடையாளம், எலும்பையும் பாதிக்கும். "விளையாடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடும் வீடுகள் இருக்கின்றன.

சனிக்கிழமை காலை ஆட்டம் இருந்தால் வெள்ளி இரவு மட்டும் கணக்கு மாறும். இடையில் பன்னிரண்டு மணி நேரம்தான், அதனால் அந்த ஒரு நாள் அவசரம் உண்மை. மைதானத்தில் இரண்டு வாழைப்பழம், எட்டு மணிக்குப் பொங்கல், ஒன்பதரைக்குப் பாலோடு நாலு கரண்டி அவல் ஊறவைத்து வெல்லம் சேர்த்து. கொண்டைக்கடலையும் மீல்மேக்கரும் அன்று வேண்டாம், காலையில் வயிறு லேசாக இருக்கட்டும்.

கோடை விடுமுறையில் இந்தத் திட்டம் வேறு இடத்தில் உடையும். பள்ளி மூடியதும் சத்துணவு இல்லை, பெரியவர்கள் வேலைக்குப் போய்விட, பகலில் பிள்ளைகள் நேற்றைய சோற்றில் மோர் ஊற்றி ஊறுகாயோடு முடித்துவிடுவார்கள். பகலில் வந்துகொண்டிருந்த 13 கிராம் புரதம் 5-க்கு இறங்கும், அதே மாதத்தில்தான் பயிற்சி முகாமும் நடக்கும். அந்த ஐந்தாறு வாரத்துக்கு மட்டும் இரவுப் பொங்கலில் பகலுக்கும் சேர்த்து ஆக்க முடியாது, வெயிலில் கெட்டுவிடும். காலையில் கூடுதலாக ஒரு கிண்ணம் பச்சைப்பயறு வேகவைத்து வைத்துவிட்டால், மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் அது இருக்கும். ஆளுக்கு 40 கிராம் உலர்பயறு, உப்பு, தேங்காய் இருந்தால் கொஞ்சம். பகல் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடச் சொல்ல வேண்டும்.